பழைய பொத்தானின் காதும் கஃப்லிங்க்கின் கொக்கியும்: கேள்வி பதில்

கேள்வி (ராயக்கோட்டை): நிலக்கடலை பிடுங்கும்போது தட்டையான பித்தளைப் பொத்தான் ஒண்ணு கிடைச்சுது. ஒரு ரூபாய் காசு அளவு. பச்சை நல்லா ஏறியிருக்கு, பின்னாடி கம்பி வளையம் இருக்கு. திப்பு சண்டை காலத்ததுங்களா?

பச்சையை வைத்துக் காலம் சொல்ல முடியாது. உரம் போடும் ஈர மண்ணில் கிடந்தால் ஐம்பது வருஷத்துப் பித்தளையும் இப்படித்தான் பச்சை ஏறும். பொத்தானைத் திருப்பி, கம்பி வளையத்தின் அடியைப் பாருங்கள். அதைத்தான் காது என்கிறோம்.

முதலில் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு நாள் ஊறவிட்டு, மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் மண்ணை மட்டும் எடுங்கள். டார்ச்சை மேலிருந்து அடிக்காமல், பொத்தானோடு படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடித்து, பத்து மடங்கு லென்ஸ் வழியாகப் பாருங்கள். காதும் தட்டும் ஒரே வார்ப்பாக இருந்து, காதின் துளை தனியாகத் துளைக்கப்பட்டிருந்தால் அது 18ஆம் நூற்றாண்டின் பழைய வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். பின்பக்கம் முழுக்கக் கடைசல் பட்டறை வட்டக்கோடுகள் இருந்தாலும் அந்த நூற்றாண்டுப் பக்கமே யோசிக்கலாம்.

உங்கள் படத்தில் காது தனிக் கம்பி. அதன் இரண்டு முனைகளும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே இடத்தில் தட்டில் இறங்கிப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. இந்த வகை 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பரவி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஓடியது. முனைகள் இரண்டும் வெளிப்பக்கம் மடிந்து பாதம் ஊன்றியதுபோல் படிந்திருந்தால் அதை ஒமேகா காது என்பார்கள். அது பெரும்பாலும் 1800ஐ ஒட்டியோ அதற்குப் பின்னோ வரும்.

இன்னொரு சோதனையும் பாக்கி இருக்கிறது. காதைச் சுற்றி வட்டமாக ஆங்கில எழுத்து இருக்கிறதா பாருங்கள். ‘ட்ரெபிள் கில்ட்’, ‘பிளேட்டட்’ போன்ற தரச்சொற்கள் 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதிக்கு உரியவை. உங்கள் பொத்தானில் எழுத்து தெரியவில்லை. ஆனால் காதின் அடியில், துணி உரசாத இடத்தில், துளி பொன்முலாம் மிச்சமிருக்கிறது.

ஆகவே சுமார் 1770 முதல் 1820 வரை என்று வைக்கலாம். கம்பெனிப் படை ராயக்கோட்டையைப் பிடித்த 1791 இதற்குள் வருகிறது என்பது உண்மைதான். ஆனால் திப்புவோடு செய்த 1792 உடன்படிக்கைக்குப் பிறகும் பாரமகால் என்ற உங்கள் வட்டாரத்தில் கம்பெனி ஆட்களின் நடமாட்டம் நீடித்தது. படைப்பிரிவு எண்ணோ சின்னமோ இல்லாத இந்தத் தட்டைப் பொத்தானைச் சிப்பாயும் போட்டிருக்கலாம், சாதாரணக் கோட்டுக்காரரும் போட்டிருக்கலாம். காலம் பொருந்துகிறது, ஆள் தெரியவில்லை. அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். நிலத்தில் எந்த மூலை, எத்தனை விரல் ஆழம் என்பதை இப்போதே எழுதி வையுங்கள். இன்னும் இருக்கும் என்று கோட்டைப் பக்கம் தோண்டப் போகாதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட இடம்.

கேள்வி (தருமபுரி): ஒமேகா காதுன்னா 1800லேர்ந்து 1850 வரைக்கும்தான்னு படிச்சிருக்கேன். எங்கிட்ட இருக்கற போலீஸ் பட்டன்லயும் கம்பிக் காதுதான். அப்ப அது 1850க்கு முன்னாடிதானே சார்?

தொடக்கம் சரி, முடிவு சரியில்லை. காது சொல்வது ‘இதற்கு முன்னால் இருக்க முடியாது’ என்பதை மட்டும். ஒரு வேலைப்பாடு தொடங்கிய பிறகு எத்தனை காலமும் ஓடலாம். சீருடைப் பொத்தானில் கம்பிக் காது இன்றும் இருக்கிறது. அதனால் பொருளில் உள்ள அடையாளங்களில் எது கடைசியாக வந்ததோ, அதிலிருந்துதான் கணக்குத் தொடங்க வேண்டும்.

உங்கள் பட்டனின் விளிம்பைப் பாருங்கள். முன்தகடு பின்தகட்டின் மேல் மடித்து நெரிக்கப்பட்டிருக்கிறது, உள்ளே கூடு. இப்படி விளிம்பு நெரித்த இரட்டைத் தகடு 1813 வாக்கில் சாண்டர்ஸ் என்பவரோடு வந்தது. அடுத்து, பின்னால் கம்பெனி பெயரோடு ‘லிமிடெட்’ என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பிரிட்டனில் அதற்கான சட்டமே 1855இல்தான் வந்தது. இந்த ஒரு சொல்லே உங்கள் 1850ஐத் தள்ளிவிடுகிறது.

இனி முன்பக்கக் கிரீடம். வளைவுகள் நடுவில் குழிந்திருந்தால் விக்டோரியா காலம், அதாவது 1901க்கு முன். குழியாமல் மேல்நோக்கி உருண்டு நின்றால் அதற்குப் பின் வந்த அரசர்கள் காலம். குடியரசான பிறகு சிங்கத் தலை. கிரீடத்தை நேராக நின்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். இப்போதைய படம் சாய்ந்திருப்பதால் குழி இருக்கிறதா இல்லையா என்று பிரிக்க முடியவில்லை.

கேள்வி (அரூர்): புளி போட்டுத் தேய்ச்சா எழுத்து பளிச்சுனு தெரியும்னு சொல்றாங்களே, வருஷம் அதுல தெரியுமா?

வேண்டாம்மா. பாத்திரத்துக்குச் சரி, இதற்கு ஆகாது. புளியின் அமிலமும் தேங்காய்நாரும் சேர்ந்து காதடியில் மிஞ்சிய முலாமையும் மேலோட்டமான எழுத்தையும் கொண்டுபோய்விடும். பொத்தானில் வருஷம் அடித்திருப்பதும் அபூர்வம்.

கேள்வி (ஓசூர்): தாத்தா கல்யாணம் 1938ல. அதுல போட்ட கஃப்லிங்க்னு அப்பா கொடுத்தார். பின்னாடி ஒரு குச்சி திரும்புது. நிஜமாவே அந்த வருஷத்ததா?

பழைய கஃப்லிங்க்குகளில் இரண்டு முகங்களைச் சின்னச் சங்கிலி இணைக்கும், அல்லது அசையாத தண்டு இருக்கும். அழுத்தினால் பிரியும் பிரஸ் பட்டன் வகை 1920களில் பரவியது. நீங்கள் சொல்லும் திரும்பும் குச்சி, தோட்டா வடிவமோ திமிங்கில வால் வடிவமோ, பெருவழக்கானது இரண்டாம் உலகப்போருக்குப் பின்.

அதற்காக அப்பா சொன்னது தவறென்று முடிவு கட்ட வேண்டாம். சங்கிலி அறுந்தால் தட்டார் புதுக் கால் பற்றவைப்பது சகஜம். முகத்தின் பின்புறம் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பழைய பற்றின் கறை வேறு இடத்தில் இருந்தாலோ, காலின் உலோக நிறம் முகத்தோடு ஒட்டாவிட்டாலோ கால் மாற்றப்பட்டது. ஜோடி இரண்டிலும் பாருங்கள். இரண்டிலும் கால் ஒரே சீராக, வேறு கறை இல்லாமல் இருந்தால், 1938 கொஞ்சம் சந்தேகம்தான். பர்மிங்ஹாம் வெள்ளி என்றால் நங்கூரம், சிங்கத்தோடு ஒரு எழுத்து இருக்கும். அந்த எழுத்துதான் ஆண்டு. பட்டியலில் பார்க்கும்போது எழுத்தின் வடிவமும் அதைச் சுற்றிய கட்டமும் ஒத்துவர வேண்டும்.

கேள்வி (காவேரிப்பட்டணம்): பாட்டியோட டப்பால கலர் கலரா பட்டன். பேக்லைட்டான்னு பார்க்க ஊசியைக் காய்ச்சிக் குத்தணுமாமே?

குத்தாதீர்கள். செல்லுலாய்டாக இருந்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும். டம்ளரில் சூடான தண்ணீர் எடுத்து, ஒரு பட்டனை அரை நிமிஷம் மட்டும் போட்டு உடனே முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை என்றால் செல்லுலாய்டு, 1870களிலிருந்து. கார்பாலிக் சோப்பு நெடி என்றால் பேக்லைட், 1909க்குப் பின். பால் அடிப்பிடித்த வாசனை என்றால் கேசீன், 20ஆம் நூற்றாண்டு என்று வைக்கலாம். கேசீனை ஊறவிட்டால் ஊதி வெடிக்கும். அரை நிமிஷம் என்றதற்கு அதுதான் காரணம். செல்லுலாய்டைத் தனியாக எடுத்துக் காகிதத்தில் மடித்து வையுங்கள். அது கெடத் தொடங்கினால் விடும் ஆவி பக்கத்திலுள்ள உலோகப் பட்டனை அரித்துவிடும்.

கேள்வி (கிருஷ்ணகிரி): சந்தையில வாங்கின பித்தளை பக்கிள், சட்டம் மட்டும்தான் இருக்கு, லேசா வளைஞ்சிருக்கு. மிதிபட்டு வளைஞ்சதா?

சட்டத்தைச் சமதரையில் வையுங்கள். இரண்டு ஓரமும் ஒரே அளவு இறங்கி, நடு மட்டும் மேலெழுந்தால் அது பாதத்தின் வளைவுக்காக வார்த்தது. 18ஆம் நூற்றாண்டுச் செருப்பு பக்கிள் அப்படித்தான். 1790களில் கயிறு கட்டும் செருப்பு வந்ததும் வழக்கொழிந்தது. பக்கவாட்டில் எதிரெதிரே இரண்டு துளைகளும் அவற்றில் இரும்புத் துருவும் இருந்தால் அது இன்னும் உறுதிப்படும், ஏனென்றால் நடு அச்சும் முள்ளும் இரும்பில் செய்யப்பட்டு முதலில் அவைதான் அரித்துப் போகும். வளைவு ஒரு பக்கம் மட்டும் என்றால் மிதிபட்டதாகவே இருக்கலாம். துளைகளை அளந்து எழுதுங்கள், பிறகு பார்ப்போம்.