டாக்டர் கையெழுத்திட வேண்டிய கடிதத்தை நானே எழுதலாமா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பல் கிளினிக்கில் நாலு வருஷமாக டென்டல் ஹைஜீனிஸ்டாக இருக்கிறேன். மேற்படிப்புக்கு டாக்டரின் பரிந்துரைக் கடிதம் கேட்கிறார்கள். "நீயே எழுதிக்கொண்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்கிறார். என்ன எழுதுவது?

பதில்: கடிதத்தை எழுதாதீர்கள். ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுங்கள். உங்களுக்கு நீங்களே எழுதினால் "மிகவும் நேர்மையானவர், கடின உழைப்பாளி" என்றுதான் வரும். அதே வரி எல்லா விண்ணப்பத்திலும் இருக்கும். தேர்வுக் குழுவுக்கு வேண்டியது, பக்கத்தில் நின்று பார்த்தவர் மட்டுமே சொல்லக்கூடிய விஷயம்.

அதனால் குறிப்பில் ஒரு நோயாளியைப் பற்றி விரிவாக எழுதுங்கள். காசிமேட்டில் மீன் விற்கும், சர்க்கரை நோய் உள்ள ஒரு அம்மா வந்தார் என்று வைத்துக்கொள்வோம். 24 பற்கள், பல்லுக்கு ஆறு இடம், மொத்தம் 144 இடங்களில் பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள பையின் ஆழத்தை டாக்டர் புரோப் என்ற மெல்லிய கருவியால் அளக்க, நீங்கள் சார்ட்டில் குறித்தீர்கள். 72 இடங்களில் ரத்தம் கசிந்தது. டாக்டர் சொன்னபடி இரண்டு சிட்டிங்கில் ஸ்கேலிங் செய்தீர்கள். பல் இடுக்குக்கான பிரஷ்ஷைக் கண்ணாடி முன் அவர் கையிலேயே கொடுத்துப் பழக்கினீர்கள். எட்டு வாரம் கழித்து அளந்தபோது 30 இடங்களில்தான் கசிவு. இதைப் படித்ததும் டாக்டருக்கே அந்த அம்மா நினைவுக்கு வருவார், மீதியைத் தன் வார்த்தையில் எழுதிவிடுவார். நோயாளியின் பெயரோ, அடையாளம் தெரியும் விவரமோ கடிதத்தில் வரக்கூடாது.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பாசத்தில் சில டாக்டர்கள் "ஈறு நோயைக் கண்டுபிடித்துத் தானே சிகிச்சை தந்தார்" என்று எழுதிவிடுவார்கள். 1948ஆம் ஆண்டு பல் மருத்துவர் சட்டம் ஹைஜீனிஸ்டுக்குச் சொன்ன வேலை ஸ்கேலிங், பல்லைச் சுத்தம் செய்து பாலிஷ் போடுவது, வாய்ச் சுகாதாரம் கற்றுக்கொடுப்பது. நோயைக் கண்டறிவது அதில் இல்லை. விஷயம் தெரிந்தவர் அந்த வரியைப் படித்தால் உங்கள் மேலும் டாக்டர் மேலும் சந்தேகம் வரும். "என் மேற்பார்வையில், நான் தீர்மானித்த சிகிச்சைப்படி" என்ற சொற்கள் இருக்கட்டும். அது உங்களைக் குறைத்துக் காட்டாது. எல்லை தெரிந்து வேலை செய்பவர் என்றுதான் காட்டும்.

நீங்கள் இன்னும் கற்க வேண்டிய ஒன்றையும் அவர் எழுதட்டும். ஆழமான ஈறுப் பையில் கருவியைக் கையாள்வது இன்னும் கைவரவில்லை என்றால், மேற்படிப்பு எதற்கு என்பதற்கு அதுவே பதில்.

கேட்கும்போது மூன்று வாரமாவது அவகாசம் கொடுங்கள். "எனக்காக நல்லபடியாக எழுத முடியுமா, டாக்டர்?" என்று நேராகவே கேளுங்கள். தயங்கினால் வேறு டாக்டரைப் பாருங்கள். அப்புறம், கிளினிக் லெட்டர்ஹெட், தேதி, அவருடைய பதிவு எண், எந்த மாதத்திலிருந்து உங்களை மேற்பார்வை செய்கிறார் என்ற வரி, இவையெல்லாம் இருக்கிறதா என்று அவரிடம் நினைவுபடுத்துங்கள். கல்லூரி அவருக்கே நேரடியாக லிங்க் அனுப்பினால், அவரே தன் மின்னஞ்சலிலிருந்து திறந்து பதிவேற்ற வேண்டும். உங்கள் போனிலிருந்து நீங்கள் ஏற்றாதீர்கள்.