கணக்கில் காசிருந்தும் கட்டளை ஏன் திரும்புகிறது?

யாழ்ப்பாணத்து வங்கிக் கிளையொன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

சாவகச்சேரி ஆசிரியை: ஐயா, 25ஆம் திகதி சம்பளம் விழுந்தது. கணக்கில் 25,000 ரூபா இருந்தது, கடன் தவணை 24,500. அப்படியிருந்தும், குறித்த திகதியில் தவணையைத் தானாக அனுப்பும்படி வங்கிக்குக் கொடுத்த நிலையான கட்டளை திரும்பிவிட்டது.

புத்தகத்தில் தெரியும் மீதியும் எடுக்கக்கூடிய மீதியும் ஒன்றல்ல. உங்கள் கணக்கில் எப்போதும் 1,000 ரூபா இருக்க வேண்டும் என்பது நிபந்தனையானால், கட்டளைக்குக் கிடைப்பது 24,000 மட்டுமே. 500 ரூபா குறைந்தாலும், இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று கணினி விடுவதில்லை. முழுத் தவணையையும் திருப்பிவிடும்.

அடுத்ததாக நேரத்தையும் பாருங்கள். கட்டளைகள் பல இடங்களில் அதிகாலையிலேயே தொகுதியாக ஓடிவிடும், சம்பளமோ முற்பகலில்தான் வந்து சேரும். மாலையில் புத்தகத்தைப் பதிந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே திகதியில் இருப்பதால், காசு இருந்தும் வங்கி தவறிழைத்தது போலத் தோன்றும். கிளையில் இருந்த காலத்தில் இந்த மனத்தாங்கலோடு வந்த பலரைச் சந்தித்திருக்கிறேன். அவர்கள் சொன்னதில் பொய்யில்லை, வரிசைதான் கண்ணுக்குத் தெரியவில்லை. கட்டளையை 27ஆம் திகதிக்கு மாற்றக் கேளுங்கள். மாற்றும்போது, அந்தத் திகதி போயா நாளிலோ ஞாயிறிலோ விழுந்தால் முந்திய நாள் போகுமா, பிந்திய நாள் போகுமா என்பதையும், தவறினால் மறுபடி முயல்வார்களா என்பதையும் கேட்டறியுங்கள். இவை வங்கிக்கு வங்கி வேறுபடும்.

கொக்குவில் வாசகர்: வங்கிக் காட்டில் தானாகக் காசு வெட்டுவதற்கு ஒரு நாள் முன்னமே குறுஞ்செய்தி வரும், நாங்கள் ஓம் என்று சொல்லாவிட்டால் வெட்ட மாட்டார்கள். எங்கள் காட்டுக்கும் இதுதானே சட்டம்?

பாதி சரி. அந்த விதி இந்திய ரிசர்வ் வங்கியுடையது. இந்தியாவில் வழங்கப்பட்ட காட்டுகளுக்கு 2021 ஒக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. இலங்கை வங்கி தந்த காட்டை அது கட்டுப்படுத்தாது. இங்கே பெரும்பாலும் காசு போன பின்னர்தான் குறுஞ்செய்தி வருகிறது.

அங்கேயும் மௌனம் மறுப்பாகாது. குறைந்தது 24 மணித்தியாலத்துக்கு முன் வரும் அந்த அறிவிப்பில் யாருக்கு, எவ்வளவு, எப்போது என்பன இருக்கும். 15,000 இந்திய ரூபா வரையான தொகையென்றால், நீங்கள் விலக்காதவரை காசு தானாகவே போகும். அதற்கு மேற்பட்டால்தான் ஒவ்வொரு முறையும் உங்கள் உறுதிப்படுத்தல் வேண்டும். காப்புறுதிக் கட்டுப்பணம் போன்ற சிலவற்றுக்கு இந்த எல்லை 1 இலட்சம்.

மானிப்பாய் தந்தை: மகள் சென்னையில் படிக்கிறாள், இந்திய வங்கிக் காட் வைத்திருக்கிறாள். சென்ற வருடம் தானாகப் போன இணைய வகுப்புக் கட்டணம் இம்முறை போகவில்லை. கணக்கில் காசு தாராளமாக இருந்தது. கட்டணம் 14,900 இலிருந்து 15,400 ஆகியிருந்தது, அவ்வளவுதான். அந்த நேரம் அவள் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள்.

ஐயா, விடை கட்டணத்தில் கூடிய அந்த 500 ரூபாவிலேயே இருக்கிறது. 14,900 எல்லைக்குள் இருந்ததால் எவரும் எதையும் அழுத்தவில்லை. 15,400 எல்லையைத் தாண்டியதும் வங்கி ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்டிருக்கும். அதுவும் முன்னறிவிப்பும் வங்கியில் பதிந்த சென்னை இலக்கத்துக்கே போயிருக்கும். மகள் இங்கே வந்ததும் உள்ளூர் சிம்மை மாற்றிப் போட்டிருந்தால், செய்தி அவள் கண்ணிலேயே பட்டிராது.

அவளுடைய மின்னஞ்சலிலும் அந்தத் திகதிக்கு முந்திய நாளைத் தேடிப் பாருங்கள். அறிவிப்பு அங்கே இருந்தால் நான் சொன்னதே காரணம். இல்லையென்றால், தொடக்கத்தில் அவள் ஒப்புக்கொண்ட உச்சத் தொகை 15,000 ஆக இருந்திருக்கலாம். அப்படியானால் கடவுச்சொல் வந்திருந்தாலும் பயனில்லை. பழைய ஒப்புதலை நீக்கிப் புதிதாகப் பதிய வேண்டும்.

நல்லூர் வாசகி: எனக்கு முன்னறிவிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. இங்கத்தைய காட் காலாவதியாகிப் புதியது வந்தது. ஒரு வெளிநாட்டுச் சந்தா நின்றுவிட்டது, மற்றது சொல்லாமலேயே புதிய காட்டில் வெட்டுகிறது. இது எப்படி?

தங்கச்சி, இது கட்டளை அல்ல. கட்டளையில் வங்கி உங்கள் காசை அனுப்புகிறது. சந்தாவில் விற்பவர் வந்து கேட்கிறார், வங்கி ஓம் அல்லது இல்லை என்கிறது. தம்மிடம் பதிந்துகொண்ட விற்பவருக்குப் புதிய காட்டின் விபரத்தை அறிவிக்கும் சேவை விசா, மாஸ்டர்காட் போன்ற காட் வலையமைப்புகளிடம் உண்டு. அதில் சேர்ந்த விற்பவர் தொடர்ந்து வெட்டுவார், சேராதவர் பழைய திகதியோடு கேட்டு மறுக்கப்படுவார்.

ஆனால் நின்றுபோன சந்தாவுக்கு இதுதான் காரணம் என்று இங்கிருந்து என்னால் அறுதியிட முடியாது. புதிய காட்டில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறக்கப்படாமலும் இருந்திருக்கலாம். வங்கிக்கு அழைத்து, எந்தத் திகதியில் என்ன மறுப்புக் காரணம் பதிவாகியுள்ளது என்று கேளுங்கள். வேண்டாத சந்தாவை நிறுத்துவதானால் விற்பவரின் பக்கத்திலேயே நிறுத்துங்கள். காட்டை மாற்றினால் நின்றுவிடும் என்று இருக்க வேண்டாம்.