முகாமில் சொன்ன 22 கிலோவை வைத்துப் பவுடர் வாங்காதீர்கள்

கேள்வி: எனக்கு 61 வயது, பத்து வருஷமாகச் சர்க்கரை. அபார்ட்மெண்டில் நடந்த இலவச முகாமில் ஒரு கருவியை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். நின்றபடி ஒரே தடவை பிடித்தேன். 22 கிலோதான் வருகிறது, உடலுக்கு 75 வயது ஆகிவிட்டது, இதயம் பலவீனம் என்று சொல்லி, ஆறு மாதப் புரோட்டீன் பவுடருக்கு 18,000 ரூபாய் கேட்கிறார்கள். வாங்கலாமா? பந்தை அழுத்தினால் போதாதா சார்?

பதில்: வாங்க வேண்டாம். முதலில் அந்த 22-ஐயே நான் முழுசாக நம்பவில்லை. உட்கார்ந்து, முழங்கையை 90 பாகை மடக்கி உடம்போடு ஒட்டி வைத்து, ஒவ்வொரு கைக்கும் இரண்டு மூன்று தடவை, நடுவில் கொஞ்சம் ஓய்வு விட்டு அளந்து, அதில் அதிகமானதை எடுக்க வேண்டும். கருவியின் பிடி உங்கள் கைக்குப் பொருந்தாமல் அகலமாக இருந்தாலே எண் குறைந்துவிடும். ஒரு பிசியோதெரபி மையத்தில் சரியாக அளந்து பாருங்கள்.

ஆசியர்களுக்கென்று 2019-இல் வகுத்த அளவுப்படி ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழும், பெண்களுக்கு 18-க்குக் கீழும் போனால் தசை வலு குறைவு. 17 நாடுகளில் சுமார் 1.4 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2015-இல் வந்த ஆய்வில், பிடிவலு குறைவாக இருந்த ஒவ்வொரு 5 கிலோவுக்கும் இறப்பு ஆபத்து 16 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் இது கூட்டத்தைப் பார்த்துச் சொல்வது. கை தளர்ந்ததால் இதயம் கெடுவதில்லை, உடம்பு முழுக்கத் தசை கரைவது கையில் முதலில் எண்ணாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அதை வைத்து "உடலுக்கு 75 வயது" என்று ஒருவருக்குச் சொல்ல முடியாது, அது விற்பனைக்காகச் சொன்னது. சர்க்கரையுள்ளவர் சிறுநீரகப் பரிசோதனை பார்க்காமல் புரோட்டீன் டப்பாவைத் திறக்கவே கூடாது, அதைக்கூடக் கேட்காமல் பணம் கேட்கிறார்களே என்றுதான் எனக்குக் கோபம் வருகிறது. இவர்களுக்கு இடம் கொடுத்தது நம் மருத்துவ அமைப்புதான். பத்து வருஷமாக மூன்று மாதத்துக்கொரு முறை ரத்தம் எடுக்கிறார்கள், பாட்டில் மூடி திறக்க முடிகிறதா என்று ஒரு தடவை கேட்பதில்லை.

ஒன்றை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள், சர்க்கரைக்காரர்களுக்கு இது அதிகம் வரும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய், எழுந்து கையை உதறினால் சரியாகிறதா? டம்ளர் தானாக நழுவுகிறதா? கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதைமேடு மற்ற கையைவிடத் தட்டையாக இருக்கிறதா? அப்படியென்றால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறதோ என்று பார்க்க வேண்டும். இதற்குப் பந்து அழுத்தினால் நரம்பு மேலும் நெரியும். மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை ராத்திரியில் கட்டிக்கொள்வதும், நரம்புக் கடத்தல் பரிசோதனையும்தான் வழி. சதைமேடு இறங்கிவிட்டது என்றால் அறுவைசிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள், தாமதித்தால் அந்தச் சதை திரும்புவது கடினம். (திடீரென்று ஒரு கை மட்டும் தளர்ந்து பேச்சுக் குழறினால் அது வேறு, உடனே 108.)

இது எதுவும் இல்லையென்றால், பந்தை விட்டுவிட்டு வாளியை எடுங்கள். பந்து விரலை மட்டும் பழக்கும், எடை தூக்கி நடப்பது தோள், முதுகு, கால் எல்லாவற்றையும் சேர்த்துப் பழக்கும். இரண்டு வாளியிலும் 5 லிட்டர் தண்ணீர், அதாவது கைக்கு 5 கிலோ. கம்பி விரலை அறுக்காமல் துணி சுற்றி, நிமிர்ந்து 30 விநாடி நடந்து, கீழே வைத்து ஒரு நிமிஷம் ஓய்வு. நான்கு தடவை, வாரம் மூன்று நாள். மூச்சை மட்டும் அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். தோள் ஒரு பக்கம் சாய்ந்தால் எடை அதிகம் என்று அர்த்தம். 40 விநாடி சுலபமாக நடக்க முடிந்த பிறகு ஒரு லிட்டர் கூட்டுங்கள். அதே நாட்களில் நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதையும் எட்டு எட்டாக மூன்று சுற்று செய்யுங்கள்.

என்னிடம் வந்த 64 வயது ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் நான்கு மாதம் பந்து அழுத்தியும் 21 கிலோவில்தான் நின்றார். வாளியில் 5 லிட்டரில் ஆரம்பித்து ஆறாவது வாரம் 9 லிட்டருக்கு வந்தார், 12 வாரத்தில் 26 கிலோ. 28 இன்னும் எட்டவில்லை, ஆனால் ஐந்து தடவை நாற்காலியிலிருந்து எழ 16 விநாடி எடுத்தவர் இப்போது 11 விநாடியில் எழுகிறார், எனக்கு அதுதான் பெரிது. சாப்பாட்டில் அவர் கூட்டியது தினம் இரண்டு முட்டையும் ஒரு கப் சுண்டலும், அதுவும் சிறுநீரகப் பரிசோதனை பார்த்த பிறகுதான்.

நீங்களும் 12 வாரம் கழித்து அதே கருவியில், அதே கையில் அளந்து பாருங்கள். ஒன்றிரண்டு கிலோ ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், தூக்கமும் அன்றைய அலுப்பும்கூட அந்த அளவுக்கு மாற்றும்.