கேள்வி-பதில்: மருந்து கொன்றதா, நோய் கொன்றதா?

எங்கள் நோயாளிப் பதிவேட்டில் டிகாக்ஸின் என்ற இதய மருந்தைச் சாப்பிட்டவர்களே, சாப்பிடாதவர்களைவிட அதிகம் இறந்திருக்கிறார்கள். மருந்து ஆபத்தானது என்று எழுதலாம்தானே?

எழுதக் கூடாது. அதை யாருக்கு எழுதிக் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்று முதலில் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஒரு லட்சம் நோயாளிகள், பி-மதிப்பு 0.001-க்கும் கீழே. அதாவது, உண்மையில் வித்தியாசமே இல்லையென்றால் இப்படி ஒரு முடிவு தற்செயலாக வருவது ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. இதற்கு மேலும் சந்தேகமா?

ஆமாம். ஒப்பீடு கோணலாக இருந்தால், ஆள் கூடக் கூட அந்தக் கோணலான விடைதான் இன்னும் உறுதியாகத் தெரியும்.

வயது, நீரிழிவு, சிறுநீரகம், மற்ற மருந்துகள் என்று இரு குழுவுக்கும் உள்ள வேறுபாடுகள் எல்லாவற்றையும் கணக்கில் ஈடுகட்டி அட்ஜஸ்ட் செய்தோம். யாருக்கு இந்த மருந்து கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டு, ஒத்தவர்களை ஒப்பிடும் ப்ரொபென்சிட்டி ஸ்கோரும் போட்டோம். டிகாக்ஸின் குழுவில் இறப்பு இன்னும் அதிகமாகவே இருக்கிறது. இப்போதாவது ஒத்துக்கொள்வீர்களா?

மாட்டேன். "எல்லாவற்றையும்" என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. உங்களிடம் பதிவான எல்லாவற்றையும் என்று எழுதுங்கள். படுக்கையருகே நிற்கும் மருத்துவர், நோயாளி இரண்டு படி ஏறியதும் மூச்சு வாங்குவதைப் பார்க்கிறார், போன மாதத்தைவிட முகம் வாடியிருப்பதைப் பார்க்கிறார், அப்புறம்தான் "இதையும் சேர்ப்போம்" என்று டிகாக்ஸின் எழுதுகிறார். அந்தப் பார்வைக்கு உங்கள் தரவில் பத்தி எங்கே இருக்கிறது?

இது வெறும் ஊகம் இல்லை, சோதித்துப் பார்த்த விஷயம். 1997-இல் வெளியான டிஐஜி ஆய்வில் இதயச் செயலிழப்பு உள்ள 6,800 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு டிகாக்ஸினும் மறுபாதிக்குப் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். சுமார் மூன்று ஆண்டுகளில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 35 சதவீதம் பேர் இறந்தார்கள். அதாவது, இறப்பை மருந்து கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

இனிதான் முக்கியமான இடம். அந்த 6,800 பேரில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஆய்வில் சேரும் முன்பே தங்கள் மருத்துவர் சொல்லி டிகாக்ஸின் சாப்பிட்டு வந்தவர்கள். 2019-இல் அதே தரவை எடுத்து, முன்பே சாப்பிட்டவர்களை மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். முன்பே சாப்பிட்டவர்களுக்கு இறப்பு அபாயம் சுமார் 20 சதவீதம் கூடுதல். அதுவும் தெரிந்த வேறுபாடுகளை எல்லாம் அட்ஜஸ்ட் செய்த பிறகு! குலுக்கலில் போலி மாத்திரை விழுந்தவர்களிடமும் அந்தக் கூடுதல் தெரிந்தது. நிறுத்தியதால்தான் இறந்தார்கள் என்பீர்களா? டிகாக்ஸினைத் தொடர்ந்தவர்களிடமும் அதே போக்குதான். ஆக, அந்த 20 சதவீதம் மருந்தின் வேலை இல்லை. இவருக்கு இது தேவை என்று ஒரு மருத்துவர் முன்பு எடுத்த முடிவுக்குள் ஒளிந்திருந்த நோயின் தீவிரம் அது. அத்தனை கவனமாக அளந்து பதிவு செய்த ஓர் ஆய்விலேயே அட்ஜஸ்ட்மென்ட் அதை அழிக்கவில்லை. உங்கள் பதிவேட்டில் அழித்துவிடும் என்று எப்படி நம்புகிறீர்கள்?

வேறொரு மருந்தோடு ஒப்பிட்டால் சரியாகிவிடுமா?

குறையும், ஒழியாது. ஒரே நோய்க்கு இரண்டு மருந்துகளில் ஒன்றைப் புதிதாகத் தொடங்கியவர்களை ஒப்பிடுவது, சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிடுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்த, ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தா டிகாக்ஸினா என்று வரும்போது, ரத்த அழுத்தம் ஏற்கெனவே தாழ்ந்து கிடப்பவருக்கு டிகாக்ஸின்தான் போகும். யாருக்கு, ஏன் என்ற கேள்வி இங்கேயும் விடாது.

அப்படியானால் எந்த மருந்து மீது புகார் வந்தாலும் "நோய் தீவிரமானவர்களுக்குத்தான் கொடுத்தோம்" என்று தப்பிக்கலாமே?

நல்ல கேள்வி. நியூசிலாந்தில் ஆஸ்துமா இன்ஹேலர் ஃபெனோடெரால் விஷயத்தில் இந்தப் பதில்தான் சொல்லப்பட்டது. 1989-இல் வந்த ஆய்வில் மொத்தக் கணக்குக்கு இறப்பு அபாயம் ஒன்றரை மடங்குதான். சரி, தீவிர நோயாளிகளை மட்டும் பிரித்துப் பார்ப்போம் என்று பார்த்தார்கள். தீவிரம்தான் காரணம் என்றால், எல்லோருமே தீவிரமாக உள்ள இடத்தில் வித்தியாசம் சுருங்கியிருக்க வேண்டும். அது சுருங்கவில்லை. மிகத் தீவிரமானவர்களிடம் 13 மடங்கு வரை ஏறியது. பிறகு அந்த மருந்தின் பயன்பாடு குறைந்தது, ஆஸ்துமா இறப்பும் குறைந்தது. சாக்குச் சொல்பவர் இந்தச் சோதனையைச் செய்து காட்டட்டும்.

நான் டிகாக்ஸின் சாப்பிடுகிறேன். செய்தியைப் படித்துப் பயந்து நேற்று நிறுத்திவிட்டேன். சரிதானே?

தவறு. இன்றே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். மேலே சொன்ன டிஐஜி ஆய்வில், இதயச் செயலிழப்பு மோசமாகி மருத்துவமனையில் சேர்வது டிகாக்ஸின் குழுவில் கால்வாசிக்கு மேல் குறைந்தது. ரத்தத்தில் மருந்தின் அளவையும் சிறுநீரகத்தையும் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்றும் கேளுங்கள், ஏனென்றால் இந்த மருந்தில் அளவு கூடினால் வரும் ஆபத்து நிஜமானது.