குடையை நீக்கினால் தலைக்கு என்ன செய்வது?

"தனுஷ்கோடியில் எடுத்த அப்பா படம். சிவப்புக் குடை உச்சந்தலையையும் ஒரு தோளையும் மறைக்கிறது. குடையை எடுத்துவிட முடியுமா?"

முடியும். ஆனால் தலையைக் கற்பனையாக வரையாதீர்கள், வேறொருவர் முகமாகிவிடும். ஏறக்குறைய அதே கோணத்தில் அப்பாவின் இன்னொரு படத்தைத் தேடுங்கள்.

முதலில் பின்னணி. குடையின் இரு பக்கமும் தெரியும் அடிவானக் கோட்டை இணைத்து, மேலே வானம், கீழே கடல் எனத் தனித்தனி லேயரில் நிரப்புங்கள். தோளுக்கு, மறு தோளைப் பிரதியெடுத்து இடவலமாகத் திருப்பலாம். வெளிச்சமும் சேர்ந்து திரும்பிவிடும், அதைத் திருத்த வேண்டும்.

அப்புறம் தலை. இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரம் ஒத்துவரும்வரை மற்றப் படத்தின் அளவை மாற்றி, நெற்றிக்கு மேல் உள்ள பகுதியை மட்டும் மாஸ்க் போட்டு எடுங்கள். முடியோரம் கத்தரித்ததுபோல் நின்றால் ஒட்டு தெரியும். 2 பிக்சல் பிரஷால் சில முடிகளை வானத்துக்குள் இழுத்துவிடுங்கள். அந்தக் கடற்காற்றில் யாருக்கும் முடி படிந்து நிற்காது.

பலரும் மறப்பது குடை விட்டுச்சென்ற வெளிச்சத்தை. துணி வழியே வந்த சிவப்பு, கன்னத்திலும் சட்டையிலும் படிந்திருக்கும். அந்த இடங்களில் மட்டும் சிவப்பைக் குறையுங்கள். மணலில் விழுந்த குடை நிழலையும் நீக்குங்கள். முகம் நிழலில், மணல் கொளுத்தும் வெயிலில் இருப்பது அப்போதும் உறுத்தும். முகத்தில் வெயிலை வரைவதைவிட, பின்னணியின் வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து மேகமூட்டமான பொழுதாக்குவதே என் வழி. குடை பிடித்த கை தெரிந்தால், மார்புக்கு மேலே உள்ள பகுதி மட்டும் இருக்கும்படி படத்தை வெட்டிக்கொள்ளுங்கள்.