மீதி இரண்டு விடைகளில் எதை நீக்குவது?

கேள்வி: ஏ.டபிள்யூ.எஸ். சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வுக்குப் படிக்கிறேன். பத்தி நீளத்துக்கு வரும் கேள்விகளில் இரண்டு விடைகளை நீக்கிவிடுகிறேன். மீதி இரண்டில் குழம்பிவிடுகிறேன். என்ன செய்வது?

நீங்களும் ஏதோ ஒரு முக்கியச் சொல் பட்டியலை மனப்பாடம் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி மதுரைக்கு வந்து நான் படித்த பயிற்சி மையத்திலும் அப்படி ஒரு தாளைத்தான் கொடுத்தார்கள். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் விடை. "சொல்லைப் பார்த்ததும் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்" என்றார் பயிற்சியாளர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று வகுப்பில் நடந்த வாக்குவாதமே உங்களுக்கான பதில்.

தேர்வில் வந்த கேள்வியை வெளியே சொல்லக்கூடாது என்பது ஒப்பந்தம். எனவே இது வகுப்பில் நாங்களே அமைத்துக்கொண்ட கேள்வி: தனிச் சப்நெட்டில் உள்ள சர்வர்கள் எஸ்3-இல் கோப்புகளைச் சேமிக்க வேண்டும். போக்குவரத்து இணையம் வழியாகப் போகக்கூடாது. MOST cost-effective தீர்வு எது? விடைகள்: நாட் கேட்வே, விபிசி பியரிங், கேட்வே எண்ட்பாயிண்ட், இன்டர்ஃபேஸ் எண்ட்பாயிண்ட்.

நான் கடைசி வரியைத்தான் முதலில் படிப்பேன். செலவைக் கேட்கிறார்களா, பராமரிப்பு வேலை குறைய வேண்டும் என்கிறார்களா என்பது அங்கேதான் இருக்கும். ஆனால் அதை உடனே பயன்படுத்தக்கூடாது. முதலில் நடக்கவே நடக்காததை நீக்க வேண்டும். பியரிங் இரண்டு விபிசிகளை இணைப்பது; எஸ்3 உங்கள் விபிசி எதற்குள்ளும் இல்லை. எனவே அது போகட்டும். அடுத்து நிபந்தனையை மீறுவதை நீக்க வேண்டும். நாட் கேட்வே எஸ்3-இன் பொது முகவரியை நோக்கித்தான் அனுப்பும், அதுவும் போகட்டும். ("அந்தப் போக்குவரத்தும் அமேசான் வலையமைப்பை விட்டு வெளியேறுவதில்லையே" என்று கருத்துப் பகுதியில் யாராவது வருவார்கள். உண்மைதான். ஆனால் நாட் கேட்வேக்கு மணிக்கணக்கிலும் தரவு அளவிலும் கட்டணம் உண்டு. எப்படிப் பார்த்தாலும் அது இங்கே தேறாது.)

இப்போது மிஞ்சிய இரண்டும் வேலை செய்யும், இரண்டும் நிபந்தனைக்கு உட்பட்டவை. கடைசி வரி இங்கேதான் தீர்ப்புச் சொல்கிறது. எஸ்3-க்கான கேட்வே எண்ட்பாயிண்டுக்குத் தனிக் கட்டணம் இல்லை. இன்டர்ஃபேஸ் எண்ட்பாயிண்டுக்கு மணிக்கும் ஜிபிக்கும் கட்டணம் உண்டு. எனவே விடை கேட்வே எண்ட்பாயிண்ட்.

பயிற்சியாளரின் தாளிலும் அதுவேதான் இருந்தது. நான் எழுந்து கேள்வியில் ஒரு வரியைச் சேர்த்தேன்: "நிறுவனத்தின் மதுரை அலுவலகத்தில் உள்ள சர்வர்களும் விபிஎன் வழியாக இதே தனிப் பாதையில் எஸ்3-ஐ அடைய வேண்டும்." அவர் மறுபடியும் கேட்வே எண்ட்பாயிண்ட் என்றார். தவறு. கேட்வே எண்ட்பாயிண்ட் என்பது விபிசியின் ரூட் டேபிளில் சேரும் ஒரு பதிவு. அந்த டேபிளைப் பயன்படுத்தும் சப்நெட்டுகளுக்கு மட்டுமே அது பயன்படும். விபிஎன், டைரக்ட் கனெக்ட், பியரிங் வழியாக வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தக் கதவு திறக்காது. இன்டர்ஃபேஸ் எண்ட்பாயிண்டுக்கோ சப்நெட்டுக்குள் சொந்தமாக ஒரு தனி ஐபி முகவரி கிடைக்கிறது, அதனால் அலுவலகத்திலிருந்தும் அதை எட்டலாம். நான்கு விடைகளும் மாறவில்லை, கடைசி வரியும் மாறவில்லை. ஆனால் மலிவான விடை நிபந்தனையிலேயே விழுந்துவிட்டது. பலகையில் ரூட் டேபிளை வரைந்து காட்டிய பிறகுதான் அவர் ஒப்புக்கொண்டார். இன்றும் எனக்கு அதில் பெருமைதான்.

ஆகவே கடைசி இரண்டில் குழம்பினால், "இந்த இரண்டில் ஒன்றைச் செல்லாததாக்க ஏதோ ஒரு சொல் கேள்வியில் இருக்கிறதா?" என்று நடுப் பத்தியைத் திரும்பப் படியுங்கள். on-premises, existing, அரிதாகப் படிக்கப்படும் ஆனால் உடனே கிடைக்க வேண்டும் என்பதுபோல ஒரு நிபந்தனை அங்கே இருக்கலாம். அப்படி எதுவும் இல்லாவிட்டால் மட்டும் கடைசி வரியின் அளவுகோலால் அளந்து பாருங்கள்.

பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேவைகள் எதைச் செய்யும் என்பது தெரியாமல் எந்த உத்தியும் உதவாது. அதைத் தெரிந்துகொள்ள ஆரம்பத்தில் பட்டியல் துணை செய்யும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது இன்னும் எனக்கு ஆறவில்லை. 130 நிமிடத்தில் 65 கேள்விகள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் ஆங்கிலத்தில் எழுதினால் 30 நிமிடம் கூடுதலாகக் கேட்டுப் பெறலாம். தேர்வுத் தேதியைப் பதிவு செய்வதற்கு முன்பே சான்றிதழ் கணக்கில் விண்ணப்பிக்க வேண்டும். தமிழ் வழியில் படித்துவிட்டு அந்த நீளப் பத்திகளை இருமுறை படிக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி! என்னிடம் முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்ட அந்த மையத்தில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. தேதி பதிவான பிறகு நானாகத் தேடித்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் இன்னும் தேதியைப் பதிவு செய்யவில்லை என்றால் முதலில் இந்தக் கூடுதல் நேரத்துக்கு விண்ணப்பியுங்கள்.