கேள்வி-பதில்: கூட்டு வெபினாருக்குக் கடிதம் எழுதும் முன்

கே: கோவையில் மாடித்தோட்ட விதை விற்கிறேன். மண்புழு உரம் தயாரிக்கும் ஒருவரோடு சேர்ந்து வெபினார் நடத்த ஆசை. செலவைப் பாதிப்பாதி போடலாம் என்று மெயில் எழுத வேண்டும். எப்படி எழுதுவது?

ப: மெயிலில் "நாம்" என்ற வார்த்தையைக் குறையுங்கள். "விளம்பரத்தை நாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதினால் விளம்பரத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு பெயர் வேண்டும். இதை நான் பல வருடமாகச் சொல்லி வருகிறேன். ஒரு நிகழ்ச்சி நிறுவனத்திடம் "கூட்டு விளம்பரம்" என்ற திட்டத்தை நானே காசு கொடுத்து வாங்கினேன். எந்தத் தேதியில், எத்தனை பேருக்கு, யார் அனுப்புவார் என்று எதையும் அவர்கள் எழுதித் தரவில்லை. ஒரே நாளில் மறைந்துபோகும் ஒரு ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்றார்கள்.

அடுத்தது தொகை. விளம்பரம் 8,000, வெபினார் வசதி ஒரு மாதத்துக்கு 3,000, போஸ்டர் 2,500, ஆக 13,500 என்று வையுங்கள். ஆளுக்கு 6,750. இது மாதிரிக் கணக்குதான், உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஜூமில் சாதாரணக் கட்டணக் கணக்கில் 100 பேர் வரைதான் சேரலாம். வெபினார் வசதியைத் தனியாக வாங்க வேண்டும், அது மாதாமாதம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். நிகழ்ச்சி முடிந்ததும் அதை நிறுத்துவது யார் வேலை என்பதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் மாதப் பணம் யார் தலையில் என்று சண்டை வரும்.

விளம்பரத்துக்கு 18% ஜிஎஸ்டி தனி. 8,000-க்கு 1,440. பில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணில் வந்து, அந்த வரியை நீங்கள் உள்ளீட்டு வரவாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொண்டால், உங்களுக்கு உண்மையில் ஆன செலவு 8,000 மட்டும்தான். அப்போது 9,440-இல் பாதியைக் கேட்பது நியாயமில்லை. ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்றால் 9,440-ஐத்தான் பகிர வேண்டும். பணம் கைமாறும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மெயில் இப்படி இருக்கட்டும்:

> பொருள்: மாடித்தோட்டக் கூட்டு வெபினார் – செலவு ஆளுக்கு ரூ.6,750
>
> வணக்கம் சார். விதையும் உரமும் ஒரே வாடிக்கையாளருக்குத் தேவைப்படுவதால் ஒரு மணி நேர வெபினார் ஒன்றைச் சேர்ந்து நடத்தலாம் என்று நினைக்கிறேன். விதை பற்றி நான் 25 நிமிடம், உரம் பற்றி நீங்கள் 25 நிமிடம், மீதி கேள்விகளுக்கு.
>
> பதிவுப் பக்கம், விளம்பரம், வெபினார் கணக்கு என் பொறுப்பு. போஸ்டர், உங்கள் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு முறை அழைப்பு, கேள்விகளைத் தொகுப்பது உங்கள் பொறுப்பு.
>
> மொத்தச் செலவு ரூ.13,500. விளம்பரத்தில் ரூ.8,000 என்று வரம்பு வைத்துவிடுவேன். அதைத் தாண்ட வேண்டுமானால் இருவரும் மெயிலில் ஒப்புக்கொண்ட பிறகே. அறிவிப்பு வெளியாகும் முன் ஆளுக்குப் பாதி செலுத்துவோம். பில்களின் நகல் அனுப்புகிறேன்.
>
> பதிவு செய்பவரின் எண்ணை இருவரும் பயன்படுத்தலாமா என்று படிவத்திலேயே தனியாகக் கேட்போம். சம்மதித்தவர் பட்டியல் மறுநாளே இருவருக்கும் வரும். அன்று வரும் ஆர்டர் அவரவருக்கு. அறிவிப்புக்குப் பிறகு விலகுபவர் அதுவரை ஆன செலவை ஏற்க வேண்டும். வரும் வெள்ளிக்குள் பதில் சொன்னால் தேதி முடிவு செய்யலாம்.

சம்மதம் கேட்கும் வரியைத் தூக்கிவிடாதீர்கள். எதற்காக என்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுச் சட்டத்தின் அடிப்படை.

அப்புறம், இலவசம் என்றால் பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேல் வராமல் போவது சாதாரணம். வருகையை வைத்துச் செலவைப் பிரிக்காதீர்கள்.

கே: போனில் பேசி முடிவு செய்தோம். இப்போது கூட்டாளி 30,000 ரூபாய் விளம்பர பில் அனுப்புகிறார். கொடுக்க வேண்டுமா?

ப: வரம்பே பேசாமல் சரி என்றீர்களா? விளம்பரக் கணக்கின் செலவு அறிக்கையைக் கேளுங்கள். உங்கள் நிகழ்ச்சிக்குப் போன பணம் மட்டும்தான் கணக்கில் வர வேண்டும்.

கே: பாதிப் பணம் கட்டினேன். வெபினார் முடிந்ததும் பதிவுப் பட்டியலைத் தர மறுக்கிறார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

ப: மனசு கஷ்டமாக இருக்கிறது, உங்கள் மேல் தப்பே இல்லை. ஆனால் அந்த ஆணையம் பொருளோ சேவையோ வாங்கியவருக்கானது. நீங்கள் அவரோடு சேர்ந்து வியாபாரம் செய்தவர், அதனால் இது சிவில் வழக்குக்குரிய தகராறு. பணம் அனுப்பிய யுபிஐ விவரம், வாட்ஸ்அப் பேச்சு, இரண்டு பெயரும் உள்ள போஸ்டர் எல்லாவற்றையும் இன்றே சேமித்துக்கொள்ளுங்கள். 15 நாள் கெடு வைத்து எழுத்தில் கேளுங்கள், பிறகு வக்கீல் நோட்டீஸ். ஒன்று கவனியுங்கள்: பதிவு செய்தவர்கள் உங்களுக்கும் சம்மதம் தந்திருந்தால்தான் பட்டியலைக் கேட்கலாம். தராதிருந்தால் நீங்கள் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கே: இலவச வெபினாரில் பெயர் கொடுத்தேன். இப்போது இரண்டு கம்பெனிகளும் தினமும் போன் செய்கின்றன.

ப: சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று இருவருக்கும் மெயில் அனுப்புங்கள். அதன் பிறகும் அழைத்தால் 1909-இல் புகார் செய்யுங்கள்.